நான்கு மணி நேர ஒத்திகை
தேர்வறைக்குப் போகும் வழி – 8

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் பெறத் தலைமையாசிரியர் வழியாக எப்படி விண்ணப்பிப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அனுமதி ஆணை கைக்கு வந்துவிட்டது. இனி அந்த ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்தப் பழக வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பல பள்ளிகளில் மாதிரித் தேர்வுகள் நடக்கின்றன. ஆனால் சலுகை பெற்ற பிள்ளைக்கு அவை இரண்டு விதமாகத் தவறிப்போகின்றன. எல்லோரோடும் உட்காரவைத்து ஒன்றேகாலுக்கு விடைத்தாளை வாங்கிவிடுவது ஒன்று. பாவம் என்று பாதிக் கேள்விகளை நீக்கிவிடுவது இன்னொன்று. பொதுத்தேர்வில் கேள்வி குறையாது, நேரம்தான் கூடும்.

சிதம்பரத்தில் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விரல்களில் வலுவில்லாததால் எழுத முடியாது, கணக்கு நன்றாக வரும். கணிதத் தாளுக்கு 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2 எழுத வேண்டும். பத்து மணிக்கு உள்ளே போனால் முதல் பதினைந்து நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் போய்விடும். பத்தேகாலுக்குத் தொடங்கினால் இரண்டேகாலுக்கு முடியும். எனவே ஒத்திகையையும் பத்து மணிக்கே தொடங்க வேண்டும், சாப்பாடு இரண்டேகாலுக்குப் பிறகுதான். பன்னிரண்டரை மணிப் பசியும் புழுக்கமும் இப்போதே பழக வேண்டியவை. மதிய மணி அடிக்காத சனிக்கிழமை வசதியானது. பிள்ளை கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வருவதானால் திரும்பும் பேருந்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

எழுத யாரை உட்காரவைப்பது? அம்மா வேண்டாம். மகள் பாதி சொன்னாலே மீதியை அம்மா எழுதிவிடுவார். கணக்கு ஆசிரியரும் வேண்டாம், அவர் கை தானாகவே விடையைத் திருத்திவிடும். கணக்கு நடத்தாத ஆசிரியர் ஒருவர் போதும். கேட்டால் கேள்வியைப் படிப்பார், சொன்னதை எழுதுவார், எழுதியதை வாசித்துக்காட்டுவார். விளக்கம் சொல்லமாட்டார், தலையசைக்கவும் மாட்டார். தேர்வறையில் வருபவர் முன்பின் தெரியாதவராக இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஆளை மாற்றுங்கள். குரல் மற்றவர்களுக்குக் கேட்காத தனி அறையும் வேண்டும்.

கணக்கில் சிக்கல் எங்கே வரும் என்று முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். மாணவி “ஏ பிளஸ் பி பை சி” என்கிறாள். அவள் மனதில் இருப்பது (a+b)/c. தாளில் விழுவது a + b/c. அடுத்த வரியிலிருந்து கணக்கே மாறிவிடும். “ஏ பிளஸ் பி, ஹோல் பை சி” என்று சொல்ல அவள் பழக வேண்டும். வர்க்கமூலம் எங்கே முடிகிறது, அடைப்பு எங்கே மூடுகிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வரி சொல்லி, பேனா நிற்கும்வரை காத்திருந்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகுதான் அடுத்த வரி. வடிவியல், வரைபடக் கேள்விகளுக்கு ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுபவரே வரைய அனுமதி இருந்தால், எந்த முனைக்கு என்ன பெயர், கவராயத்தை எங்கே ஊன்றுவது என்று படிப்படியாகச் சொல்லும் பயிற்சியும் சேர வேண்டும்.

240 நிமிடங்களை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்: ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 30, இரண்டு மதிப்பெண்ணுக்கு 40, ஐந்து மதிப்பெண்ணுக்கு 110, எட்டு மதிப்பெண்ணுக்கு 40. மீதி 20 நிமிடம் வாசித்துச் சரிபார்க்க. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் கண்காணிப்பவர் தனித்தாளில் மணியைக் குறித்துவைக்க வேண்டும்.

ஐந்து மதிப்பெண் பகுதி 140 நிமிடம் இழுத்தது என்றால் உடனே பாடம் வரவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். மறுநாள் அதே மாதிரியான ஒரு கணக்கை ஆசிரியரிடம் வாய்மொழியாக மட்டும் செய்துகாட்டச் சொல்லுங்கள். நான்கு நிமிடத்தில் முடித்தால் பாடத்தில் குறையில்லை, சொல்லும் முறைக்குத்தான் பயிற்சி வேண்டும். அதுவே பத்து நிமிடம் ஆனால் கணக்கையே இன்னும் போட்டுப் பழக வேண்டும்.

தானே எழுதி, கூடுதல் நேரம் மட்டும் பெறும் மாணவனுக்குச் சோதனை வேறு. ஒத்திகையில் மூன்று மணி நேரம் முடிந்ததும் பேனா மையின் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். நான்காவது மணியில் எழுதியது எத்தனை மதிப்பெண் பெற்றது என்று தனியாகத் தெரியும். அங்கே பக்கம் பக்கமாக எழுதியும் மதிப்பெண் விழவில்லை என்றால், சோர்ந்த நேரத்துக்குப் பெரிய கணக்குகளை ஒதுக்கிவைத்திருக்கிறான் என்று பொருள். வரிசையை மாற்றி இன்னொரு ஒத்திகை வையுங்கள்.

2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீத ஊனச் சான்று இல்லை என்பதற்காக மட்டும் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது. அப்படிப் போராடிப் பெற்ற உரிமை, ஒத்திகை இல்லாத காரணத்தால் தேர்வறையில் வீணாகக் கூடாது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முதல் ஒத்திகையை நடத்திவிடுங்கள். குறை தெரிந்தால் திருத்த அப்போதுதான் வாரங்கள் மிச்சமிருக்கும்.

(அடுத்த வாரம்: அறிவியல் தாளில் படம் வரையும் கேள்விகள்)