யாருக்கு அக்கா, யாருக்குத் தங்கை?

சதுரங்கத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு போல்கார் சகோதரிகளைத் தெரியாமல் இருக்காது. ஹங்கேரியின் புதாபெஸ்ட் நகரத்தில் பிறந்த மூன்று பெண்கள். மூத்தவர் ஜுஜா (வெளிநாடுகளில் சூசன்), நடுவர் ஜோஃபியா, கடைசி யூதித். பிறந்த ஆண்டுகள் முறையே 1969, 1974, 1976. 1988இல் தெசலோனிகியில் நடந்த பெண்கள் ஒலிம்பியாடில் ஹங்கேரி தங்கம் வென்றபோது நால்வர் கொண்ட அந்த அணியில் மூன்று பேர் இவர்கள்தான்.

இவர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் எல்லாருமே 'சிஸ்டர்'. யூதித்தின் 'சிஸ்டர்' ஜோஃபியா என்றும் எழுதலாம், ஜோஃபியாவின் 'சிஸ்டர்' யூதித் என்றும் எழுதலாம். யார் மூத்தவர் என்று அந்தச் சொல் சொல்லாது. ஹங்கேரிய மொழிக்கு அது போதாது. நம்மைப் போலவே அவர்களுக்கும் நான்கு சொற்கள் உண்டு. அண்ணன் 'பாத்ய்', தம்பி 'ஒச்', அக்கா 'நோவேர்', தங்கை 'ஹூக்'. 'ஒச்' என்பதில் வரும் உயிரெழுத்து நம்மிடம் இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு 'எ' சொன்னால் அது வரும்.

இந்தச் சொற்கள் பேச்சிலோ எழுத்திலோ தனியாக வருவது குறைவு. யாருடைய அண்ணன், யாருடைய தங்கை என்பது சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் 'ம்' என்று முடிந்தால் என்னுடையது. 'ட்' என்று முடிந்தால் உன்னுடையது. ஆ அல்லது எ என்ற உயிரில் முடிந்தால் அவனுடையது அல்லது அவளுடையது. ஹூகொம் என்றால் என் தங்கை, ஹூகொட் உன் தங்கை, ஹூகா அவர் தங்கை. தம்பிக்கும் அப்படியே: ஒச்சேம், ஒச்சேட், ஒச்செ. அக்காவுக்கு நோவேரெம், நோவேரெட், நோவேரெ. பலர் என்றால் இறுதியில் ஓர் இகரம் சேரும். ஹூகாயி என்றால் அவருடைய தங்கைகள். 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடு ஹங்கேரிய மொழியில் கிடையாது. அதனால் ஹூகா என்ற சொல் ஆணின் தங்கையாகவும் இருக்கலாம், பெண்ணின் தங்கையாகவும் இருக்கலாம்.

படிப்பவர்கள் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த இடத்தில். 'யூதித்தின் அக்கா' என்று நாம் சொல்லும்போது 'இன்' என்ற உருபு யூதித்தோடு சேர்கிறது. ஹங்கேரிய மொழியில் பெயர் மாறாமல் அப்படியே நிற்கும். குறி உறவுச்சொல்லில்தான் இருக்கும். 'யூதித் நோவேரெ' என்று எழுதியிருந்தால் 'யூதித் அக்கா' என்று நம் வழக்கப்படி படித்துவிடக் கூடாது. அது யூதித்துக்கு அக்கா, அதாவது ஜோஃபியாவோ ஜுஜாவோ. 'ஜோஃபியா ஹூகா' என்றால் ஜோஃபியாவின் தங்கை, அது யூதித். 'ஜோஃபியா நோவேரெ' என்றால் ஜுஜா. 'ஜுஜா ஹூகாயி' என்றால் மற்ற இருவரும். அக்காவாகவும் தங்கையாகவும் ஒருசேர வரக்கூடியவர் நடுவிலுள்ள ஜோஃபியா மட்டுமே. உறவுச்சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி விழுந்து அதன்பின் இன்னொரு பெயர் வந்தால், அந்த இரண்டாவது பெயர்தான் அந்த உறவுக்கு உரியவருடையது. 'ஜோஃபியா ஹூகா, யூதித்' என்றால் 'ஜோஃபியாவின் தங்கையான யூதித்'. முதலில் உடையவர், பிறகு உறவு, பிறகு ஆள். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஒரு சொல்லில் எவ்வளவு செய்தி அடங்கியிருக்கிறது என்பதை வரலாற்றில் பார்க்கலாம். ஹுன்யாதி குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள், லாஸ்லோவும் மாத்யாஷும். லாஸ்லோவை 1457இல் அரசர் புதாவில் தலை வெட்டிக் கொன்றார். மறு ஆண்டு தொடக்கத்தில் பதினான்கு வயது மாத்யாஷ் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹங்கேரிய நூலில் லாஸ்லோவை மாத்யாஷின் 'பாத்யா' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்த உடனே மூத்த வாரிசு போய்விட்டான், இளையவன் மிஞ்சினான் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்குப் போகும்போது அது வெறும் 'பிரதர்' ஆகிறது. அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர் அண்ணனா தம்பியா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூலத்திலும் இருந்தது, நம் மொழியிலும் இருக்கிறது, நடுவில் நின்ற மொழியில்தான் அது தொலைந்தது. ஹங்கேரியக் கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் மூலத்தில் அந்த ஒரு சொல்லையாவது தேடிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வயது தெரியாதபோது ஹங்கேரியர்கள் என்ன செய்வார்கள்? 'டெஷ்ட்வேர்' என்று ஒரு பொதுச்சொல் வைத்திருக்கிறார்கள். 'டெஷ்ட்' உடல், 'வேர்' இரத்தம். உடலும் இரத்தமும் பகிர்ந்துகொண்ட எவரும் இதில் அடங்குவர், ஆணோ பெண்ணோ. உனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்க இந்தச் சொல்தான். நோவேர் என்பதிலும் அதே 'வேர்' இருக்கிறது. 'நோ' என்றால் பெண். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மொழிச் சீர்திருத்தக் காலத்தில் உருவான சொல் இது. அதற்கு முன்பு அக்காவுக்கு 'நேனெ' என்ற சொல் இருந்தது. அதனால் அந்தக் காலத்து எழுத்தில் நோவேர் வந்தால் அக்கா என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது, பொதுவாகச் சகோதரி என்ற பொருளிலும் வந்திருக்கலாம். இன்றைய வீட்டுப் பேச்சில் அது அக்காதான். மருத்துவமனையில் கேட்டால் செவிலியர்.

கூடப்பிறந்தவர்களைத் தாண்டினால் நாம் வழி பிரிகிறோம். சித்தப்பா, மாமா என்ற பிரிவு அவர்களுக்கு இல்லை. அப்பாவின் சகோதரரும் அம்மாவின் சகோதரரும் 'நாத்ய்பாச்சி'தான். 'நாத்ய்' என்றால் பெரிய, 'பாச்சி' அண்ணன் என்ற சொல்லிலிருந்து வந்தது. பழைய ஹங்கேரிய மொழியில் அண்ணனுக்கும், அப்பாவைவிட இளைய சித்தப்பாவுக்கும் ஒரே சொல் வழங்கியது. தலைமுறையைவிட, என்னைவிட மூத்தவரா இளையவரா என்பதே பெரிதாக இருந்த காலத்தின் மிச்சம் அது. அதே போக்கில் சகோதரரின் மகன் 'உனொகா-ஒச்'. 'உனொகா' என்றால் பேரப்பிள்ளை, 'ஒச்' தம்பி. மகள் 'உனொகா-ஹூக்'. தன்னைவிட இளைய ஒன்றுவிட்ட தம்பிக்கும் இதே உனொகா-ஒச்தான் என்பதால் இங்கே குழப்பம் வரும். தலைமுறையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். முதலாம் கேசாவின் தம்பி லாஸ்லோ 1077இல் அரசரானார். அவருக்குப் பின் 1095இல் கேசாவின் மகன் கால்மான் வந்தார். கால்மானை லாஸ்லோவின் உனொகா-ஒச் என்று எழுதினால் அது அண்ணன் மகன், ஒன்றுவிட்ட தம்பி இல்லை.

உறவே இல்லாத இடத்திலும் இந்தச் சொற்கள் வரும். குழந்தைகள் தெரிந்த பெரியவர்களைப் பெயரோடு 'பாச்சி' என்றும், பெண்களை 'நேனி' என்றும் கூப்பிடுவார்கள். நேனெ என்ற பழைய அக்காவிலிருந்து வந்தது அது. நாவலில் 'யானோஷ் பாச்சி' வந்தால் குடும்ப மரத்தில் தேட வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். சின்னப் பையனைச் செல்லமாக 'ஒச்சி', தம்பி, என்பார்கள். 1953இல் வெம்ப்லியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்திய ஹங்கேரிய அணியின் தலைவர் புஷ்காஷ் ஃபெரெங்க்ஸுக்குச் சிறு வயதில் அந்தச் செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. வயதான பிறகும் போகவில்லை, மரியாதை மட்டும் கூடச் சேர்ந்தது. 2006இல் இறக்கும்போது அவர் நாட்டு மக்களுக்கு 'ஒச்சி பாச்சி'.