மூன்று செல்கள், நான்கு விடைகள்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக் கோடை வெப்பநிலையை ஒருவர் ஜூபிட்டர் நோட்புக்கில் அலசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் அளவுகள் ஃபாரன்ஹீட்டில் உள்ளன. அவருக்கு வேண்டியதோ செல்சியஸ் சராசரி. மூன்று நாள் அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை மூன்றே செல்களில் முடிந்துவிடும். முதல் செல்லில் அளவுகள்:

```python
temps = [50, 68, 86]
```

இரண்டாவதில் செல்சியஸுக்கு மாற்றும் கணக்கு:

```python
temps = [(t - 32) * 5 / 9 for t in temps]
```

மூன்றாவதில் சராசரி:

```python
print(round(sum(temps) / len(temps), 1))
```

வரிசையாக இயக்கினால் 20.0 என்று வருகிறது. 50, 68, 86 ஆகியவை செல்சியஸில் 10, 20, 30, சராசரி 20. பள்ளிக்கூடக் கணக்குதான், பிழை ஏதுமில்லை. ஒவ்வொரு செல்லின் இடப்பக்கத்திலும் [1], [2], [3] என்று எண்கள் விழுந்திருக்கின்றன.

இந்த நேரத்தில் நண்பர் இரண்டாவது செல்லுக்குள் போய் ஓர் இடைவெளியைச் சரிசெய்கிறார். பழக்க தோஷத்தில் ஷிஃப்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்திவிடுகிறார். செல் மறுபடி ஓடுகிறது. அதன் எண் [4] ஆகிறது. திரையில் வேறு எதுவும் மாறவில்லை. மூன்றாவது செல்லின் கீழே அதே 20.0 அப்படியே நிற்கிறது. சிறிது நேரம் கழித்து அந்தச் சராசரிச் செல்லையும் ஒருமுறை இயக்கிப் பார்க்கிறார். இப்போது வருவது -6.7.

ஒரு எழுத்துகூட மாறாத கணக்கு எப்படி கிட்டத்தட்ட 27 டிகிரி சறுக்கியது? பதில், திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஜூபிட்டரில் நாம் பார்க்கும் பக்கம் பிரவுசரில் இருக்கிறது. கணக்கைச் செய்வதோ கெர்னல் என்ற தனி நிரல். செல்லை இயக்கும்போது அதிலுள்ள எழுத்துகள் மட்டும் கெர்னலுக்குப் போகின்றன. கெர்னல் அவற்றை நிறைவேற்றி, பிறந்த மதிப்புகளைத் தன் நினைவகத்தில் பெயர் போட்டு வைத்துக்கொள்கிறது. `temps` என்பது அப்படி ஒரு பெயர். நிரலர்கள் மாறி என்று சொல்வது இதைத்தான். அந்தச் செல் பக்கத்தில் மேலே இருந்ததா, கீழே இருந்ததா, இரண்டாம் முறையாக வருகிறதா என்பதெல்லாம் கெர்னலுக்குத் தெரியாது. வந்த வரிசை ஒன்றுதான் அதற்குக் கணக்கு.

ஆகவே இரண்டாம் முறை ஓடியபோது `temps` பெயரில் இருந்தவை 50, 68, 86 அல்ல. ஏற்கெனவே செல்சியஸாகிவிட்ட 10, 20, 30. அவற்றையும் ஃபாரன்ஹீட் என்றே எடுத்துக்கொண்டு கெர்னல் இன்னொரு முறை 32-ஐக் கழித்து ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், -6.7 என்பது மினியாபொலிஸில் குளிர்காலத்தில் சாதாரணமாகப் பதிவாகும் வெப்பநிலை. கோடைக் கணக்கு என்பதால்தான் நண்பருக்கு உறைத்தது. ஜனவரி அளவுகளாக இருந்திருந்தால் யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

நண்பர் விவரமானவர். ஒரே பெயரை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தியதுதான் வினை என்று கண்டுபிடித்து, இரண்டாவது செல்லைத் திருத்துகிறார்:

```python
temps_c = [(t - 32) * 5 / 9 for t in temps]
```

நல்ல திருத்தம். இனி இதை எத்தனை முறை இயக்கினாலும் `temps` கெடாது. அதை இயக்குகிறார், எண் [6]. பிறகு சராசரிச் செல்லை இயக்குகிறார், [7]. மறுபடியும் -6.7! காரணம், மூன்றாவது செல் இன்னும் பழைய `temps` பெயரையே கேட்கிறது. அந்தப் பெயரில் இருமுறை மாறிய எண்கள் கெர்னலில் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை உண்டாக்கிய வரி பக்கத்தில் இப்போது எங்குமே இல்லை. நிரலைத் திருத்தலாம்; ஏற்கெனவே நடந்துவிட்டதைத் திருத்தம் தொடுவதில்லை.

சலிப்போடு முதல் செல்லை இயக்கி அளவுகளைப் புதுப்பிக்கிறார், [8]. சராசரியை மறுபடி இயக்குகிறார், [9]. இப்போது 68.0. இது ஃபாரன்ஹீட் சராசரி. அப்போதுதான் கண்ணில் படுகிறது, மூன்றாவது செல்லில் பெயரை மாற்ற மறந்தது. `temps` இருந்த இரண்டு இடத்திலும் `temps_c` என்று போட்டு இயக்குகிறார், [10]. இந்தத் தருணத்தில் பக்கத்திலுள்ள மூன்று செல்களும் முழுக்கச் சரி. யாரிடம் காட்டினாலும் குற்றம் சொல்ல முடியாது. விடை: -21.5.

ஏனென்றால் `temps_c` கடைசியாகக் கணக்கிடப்பட்டது ஆறாவது ஓட்டத்தில். அன்றைய `temps` ஏற்கெனவே இருமுறை மாறியிருந்தது. எனவே `temps_c` மும்முறை மாறிய எண்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. எட்டாவது ஓட்டத்தில் மூல அளவுகள் சரியானதும் எக்செல் போல எல்லாம் தானாகத் திருந்தும் என்று நண்பர் நம்பினார். எக்செல்லில் ஒரு கட்டத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் தாமாகவே மறுகணக்காகும். ஜூபிட்டரில் எந்தச் செல் எதை நம்பியிருக்கிறது என்ற பதிவே கிடையாது.

இந்த இடத்தில் இடப்பக்க எண்களைப் படித்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். மேலிருந்து கீழாக அவை 8, 6, 10. எட்டுக்குக் கீழே ஆறு இருக்கிறது என்றால், மேலே உள்ள அளவுகள் புதியவை, அவற்றிலிருந்து பிறந்திருக்க வேண்டிய மதிப்போ பழையது. ஆனால் ஏறுவரிசை இருந்தால் கவலையில்லை என்று சொல்லவும் முடியாது. -6.7 முதன்முதலில் வந்தபோது எண்கள் 1, 4, 5 என்று ஒழுங்காக ஏறிக்கொண்டுதான் இருந்தன. அங்கே துப்பு இறங்குமுகத்தில் இல்லை, விடுபட்ட 2, 3-இல் இருக்கிறது. நடுவே ஏதோ ஓடியிருக்கிறது, அதன் தடம் பக்கத்தில் இல்லை என்பதே அதன் பொருள். 1, 2, 3 என்று இடைவெளியில்லாமல் வரும் எண்களைத்தான் நம்பலாம். அதுவும் இயக்கிய பிறகு செல்லுக்குள் எழுத்தை மாற்றவில்லை என்றால்.

செல்லை நீக்கினாலும் இதே கதைதான். `limit = 25` என்றொரு செல்லை எழுதி இயக்கிவிட்டு, வேண்டாமென்று அழித்துவிட்டதாகக் கொள்வோம். அழிந்தது பக்கத்திலிருந்த எழுத்து. `limit` கெர்னலில் உயிரோடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் கீழ்ச் செல்கள் அன்று முழுவதும் ஒழுங்காக ஓடும். பிரவுசரை மூடித் திறந்தாலும் ஓடும், ஏனெனில் பிரவுசர் மூடினால் கெர்னல் நிற்பதில்லை. பின்னொரு நாள் கெர்னல் புதிதாகத் தொடங்கும்போதுதான் `NameError: name 'limit' is not defined` என்று சிவப்பில் வந்து நிற்கும். உண்மையில் அது நல்ல செய்தி. பிழை என்று சொல்லிக்கொண்டு வரும் பிழையைப் பிடித்துவிடலாம்; -6.7 அப்படிச் சொல்லிக்கொண்டு வரவில்லை. அழித்த செல்லில் என்ன இருந்தது என்று மறந்துவிட்டால், கெர்னல் உயிரோடிருக்கும் வரை `%history -n` என்று இயக்கிப் பார்க்கலாம். இயக்கிய ஒவ்வொன்றும் எண்ணோடு வந்து நிற்கும்.

நோட்புக்கைச் சேமித்து அடுத்தவருக்கு அனுப்பும்போது விவகாரம் முற்றுகிறது. `.ipynb` கோப்பில் செல்களின் எழுத்து, கீழே அச்சான விடைகள், இடப்பக்க எண்கள் ஆகியவை போகும். கெர்னலின் நினைவகம் போகாது. பெறுபவர் கண்ணுக்கு விடை தெரியும். அந்த விடையைத் தந்த மதிப்புகள் அவர் கணினியில் இருக்காது. பிரேசில், நியூயார்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பிமென்டெல், முர்தா, பிராகன்ஹோலோ, ஃப்ரெய்ரே ஆகிய நால்வர் கிட்ஹப்பில் பொதுவில் கிடந்த சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இயக்கிப் பார்த்தவற்றில் பிழையின்றி ஓடி முடிந்தவை 24 சதவீதம். சேமித்திருந்த அதே விடையைத் தந்தவை 4 சதவீதம். பழியை முழுவதும் செல் வரிசைமீது போடுவது நியாயமல்ல; தேவையான நூலகங்கள் இல்லாமையும் தரவுக் கோப்புகள் கிடைக்காமையும் பெரிய காரணங்கள். மறைந்திருக்கும் மாறிகளும் தாறுமாறான வரிசையும் அவற்றோடு சேர்ந்து நின்றன.

இத்தனை வம்பு தரும் ஏற்பாட்டை ஏன் இப்படியே வைத்திருக்கிறார்கள்? ஃபெர்னாண்டோ பெரேஸ் 2001-இல், இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, தொடங்கிய ஐபைத்தான்தான் இதன் வேர். 2014-இல் அது ஜூபிட்டராகக் கிளை பிரிந்தது. விஞ்ஞானிக்குப் பத்து நிமிடம் எடுத்து ஏற்றிய தரவு நினைவகத்திலேயே இருக்க வேண்டும். படத்தின் நிறத்தை மாற்ற அந்த ஒரு செல்லை மட்டும் இயக்கினால் போதும் என்ற வசதி வேண்டும். அந்த வசதியும் இந்தக் குழப்பமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 2018-இல் நியூயார்க்கில் ஜூபிட்டருக்காகவே கூடிய மாநாட்டில் ஜோயல் குருஸ் என்ற நிரலர், தனக்கு நோட்புக் பிடிக்காது என்ற தலைப்பிலேயே பேசினார். அவர் அடுக்கிய புகார்களில் முக்கியமான ஒன்று, இந்த மறைந்த நிலை. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்வது போன்ற துணிச்சல்தான்.

நம் நண்பருக்குக் கைகொடுப்பது மெனுவில் இருக்கும் `Restart Kernel and Run All Cells` என்ற ஒரு வரி. அது கெர்னலின் நினைவகத்தைக் காலி செய்து, மேலிருந்து கீழாக எல்லாச் செல்லையும் ஒருமுறை இயக்கும். அவர் அதை அழுத்தினால் எண்கள் 1, 2, 3 ஆகும், விடை மீண்டும் 20.0. `limit` போன்ற அநாதை மாறிகளும் அப்போதே NameError ஆக வெளியே வந்துவிடும். பெரிய தரவுள்ள நோட்புக்கில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இதைச் செய்வது நடக்காத காரியம். அங்கே இரண்டு பழக்கங்கள் உதவும். மதிப்பை மாற்றும் செல்லில் வலப்பக்கப் பெயரையே இடப்பக்கத்தில் எழுதாமல் புதுப் பெயர் கொடுப்பது ஒன்று. சந்தேகம் வந்தால் `%whos` என்று இயக்கி, கெர்னலில் இப்போது என்னென்ன மாறிகள் இருக்கின்றன என்று பார்ப்பது இன்னொன்று. ஒருவருக்கு அனுப்புவதற்கு முன்பு மட்டும் முழு ஓட்டத்தைத் தவிர்க்கக் கூடாது.

எக்செல் செய்வதை நோட்புக்கிலும் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. ஜூலியா மொழிக்கான புளூட்டோ, பைத்தானுக்கான மாரிமோ இரண்டும் எந்தச் செல் எந்தப் பெயரை உண்டாக்குகிறது, எது பயன்படுத்துகிறது என்று படித்து வைத்துக்கொள்கின்றன. ஒன்றை மாற்றினால் அதை நம்பியவை தாமாக ஓடும். செல்லை அழித்தால் அதன் மாறியும் போய்விடும். `temps` என்ற பெயரை இரண்டு செல்களில் வரையறுக்கவே அவை விடாது. நண்பரின் இரண்டாவது செல் முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். ஆனால் அவர் அதே வேலையை வேறொரு செல்லில் `temps[0] = 10` என்று பட்டியலுக்குள் கைவைத்துச் செய்திருந்தால் மாரிமோவுக்கும் தெரியாது. அது கவனிப்பது பெயர்களை. பெயருக்குள் இருக்கும் பொருள் மாறுவதை அல்ல.