அன்றைய உழைப்புக்கு அன்றே பணம்: உடனடிப் பட்டுவாடா எவ்வாறு நடைபெறுகிறது?

திருவனந்தபுரம்: தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கிற்குப் பயணியை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு எரிபொருள் செலவு அன்றாடம் ஏற்படுகிறது. பயணி செயலி வழியாகச் செலுத்தும் கட்டணமோ நேராக ஓட்டுநரிடம் வந்து சேர்வதில்லை. செயலி நிறுவனத்தின் கணக்கிற்குச் சென்று, கழிவுகள் போக, பின்னரே அவருக்குக் கிடைக்கிறது. நாடு முழுவதும் ஓட்டுநர்கள் "பணமா, ஆன்லைனா?" என்று முதலில் கேட்டுவிட்டுப் பயணத்தை ரத்து செய்ததற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். ஊபர் நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நாள்தோறும் வருவாய் வழங்கும் முறையை அறிவித்தது. அப்போதும் திங்கள் முதல் வியாழன் வரையிலான வருவாய் மறுநாளும், வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான வருவாய் திங்கட்கிழமையும் வரவு வைக்கப்படும் என்றே கூறப்பட்டது. அதாவது, அது அடுத்த நாள் பட்டுவாடாவே தவிர, அதே நாள் பட்டுவாடா அன்று.

தாமதத்திற்குக் காரணம் பணத்தை அனுப்பும் தொழில்நுட்பம் அன்று. இந்தியாவில் 2010 நவம்பர் முதல் ஐஎம்பிஎஸ் எனப்படும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் இயங்கி வருகிறது. தாமதம் ஏற்படுவது அதற்கு முந்தைய கட்டத்தில். பயணி யுபிஐ அல்லது அட்டை வழியாகச் செலுத்தும் தொகை, பணம் வசூலித்துத் தரும் இடைநிலை நிறுவனத்தின் தனிக் காப்புக் கணக்கில் முதலில் சேர்கிறது. அங்கிருந்து செயலி நிறுவனத்தின் கைக்கு அது பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான் வருகிறது. ஆகவே, ஓட்டுநருக்கு அன்றிரவே பணம் தர வேண்டுமானால், செயலி நிறுவனம் தன் சொந்தப் பணத்தை வங்கியில் முன்கூட்டியே இருப்பு வைத்து, அதிலிருந்து வழங்க வேண்டும். "உடனடிப் பட்டுவாடா" என்பது உண்மையில் ஓரிரு நாளுக்கான முன்பணம். அந்த இருப்பு தீர்ந்துவிட்டால், ஓட்டுநரின் திரையில் கோரிக்கை நிலுவையில் நிற்கும்.

ஒரு நாள் கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். கேரளத்தில் 2022 மே முதல் நடைமுறைக்கு வந்த அரசுக் கட்டணத்தின்படி, 1,500 சிசிக்குக் குறைந்த வாடகைக் காருக்கு முதல் 5 கிலோமீட்டருக்கு 200 ரூபாயும், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாயும் வசூலிக்கப்படும். 15 கிலோமீட்டர் பயணத்திற்குக் கட்டணம் 380 ரூபாய். கேரள அரசின் தொழிலாளர் துறை 2022 ஆகஸ்ட் 17-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'கேரள சவாரி' சேவையில் அப்போது 8 சதவீத சேவைக் கட்டணம் கூடுதலாக வசூலிக்கப்பட்டது. அதே விகிதத்தைக் கொண்டால் பயணி செலுத்துவது 410 ரூபாய் 40 காசு.

ஓட்டுநர் ஒருவர் அன்று இத்தகைய எட்டுப் பயணங்களை மேற்கொண்டதாகக் கொள்வோம். ஐந்து பயணங்களுக்கு ஆன்லைனில் பணம் செலுத்தப்பட்டதால், நிறுவனம் அவருக்குத் தர வேண்டியது 1,900 ரூபாய். மற்ற மூன்று பயணங்களுக்குப் பயணிகள் ரொக்கமாகக் கொடுத்துவிட்டனர். அந்த ரொக்கத்தில் நிறுவனத்தின் பங்கான 91 ரூபாய் 20 காசு ஓட்டுநரிடமே இருக்கிறது. அதைக் கழித்து, 1,808 ரூபாய் 80 காசு மட்டுமே பட்டுவாடாவுக்கு உரிய தொகையாகத் திரையில் தோன்றும். நாள் முழுவதும் ரொக்கப் பயணங்களே அமைந்துவிட்டால் இருப்பு எதிர்மறையாகக் காட்டும். பணம் குறைவாக வந்ததாக ஓட்டுநர்கள் கருதும் பல நேரங்களில், விடை இந்த ரொக்கப் பயணக் கழிவில் இருக்கக்கூடும். நிறுவனங்கள் இதைத் தனி வரியாகக் காட்டினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இத்தொகை சேரும் இடம் வங்கிக் கணக்காகவோ மின்பணப்பையாகவோ இருக்கலாம். பணப்பை எனில், அது எவ்வகை என்பது முக்கியம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கைபேசி எண், அடையாள எண் போன்ற குறைந்தபட்ச விவரங்களுடன் திறக்கப்படும் பணப்பையில் 10,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. அதிலுள்ள பணத்தைக் கொண்டு பொருள் வாங்கலாம், சேவைக்குச் செலுத்தலாம். வங்கிக் கணக்கிற்கு மாற்றவோ ரொக்கமாக எடுக்கவோ இயலாது. கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு முழுமையாக முடிந்த பணப்பையில் 2 லட்சம் ரூபாய் வரை வைத்துக்கொள்ளலாம், வங்கிக்கும் மாற்றலாம். வருவாய் பணப்பைக்கு வந்தும் வீட்டு வாடகையை வங்கி வழியாகச் செலுத்த இயலாமல் ஒருவர் திண்டாடினால், சரிபார்ப்பு முழுமையடையாததே காரணமாக இருக்க வாய்ப்புண்டு. எவ்வகைப் பணப்பையாயினும் இருப்புத் தொகைக்கு வட்டி கிடையாது.

வங்கிக் கணக்கிற்கு அனுப்பும்போது ஏற்படும் சிக்கல் வேறு. நிறுவனம் "அனுப்பப்பட்டது" என்கிறது. வங்கியில் வரவு இல்லை. அப்போது கேட்டுப் பெற வேண்டியது ஆர்ஆர்என் எனப்படும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அந்த எண் இருந்தால், பணம் எங்கே நிற்கிறது என்பதைப் பெறுபவரின் வங்கி தேடிச் சொல்ல முடியும். நிறுவனத்தால் அந்த எண்ணைத் தர இயலவில்லை என்றால், பணம் இன்னும் புறப்படவே இல்லை என்று ஐயுறலாம். ஐஎம்பிஎஸ் முறையில் அனுப்பியவர் கணக்கில் பற்று வைக்கப்பட்டும் பெறுபவருக்கு வரவு ஆகவில்லையெனில், அடுத்த நாளுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. எனினும், இங்கே பணம் அனுப்பிய வாடிக்கையாளர் செயலி நிறுவனமே என்பதால், தொகை திரும்புவது அதன் கணக்கிற்குத்தான். ஓட்டுநருக்கு அது மீண்டும் அனுப்பப்பட்டதா என்பதைத் தனியே கவனிக்க வேண்டும்.

மாதச் சம்பளம் பெறும் ஊழியர்களின் நிலை சற்று மாறுபட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். நாள் கூலி எனில் பணிநேரம் முடிந்ததும் தரப்பட வேண்டும். மாதச் சம்பளக்காரர் இடையிலேயே பணம் பெற உதவுவது 'ஈட்டிய ஊதியத்தை முன்னரே பெறும்' சேவை. வருகைப் பதிவேட்டுடன் இணைந்த செயலி, அன்றுவரை ஈட்டிய தொகையைக் கணக்கிட்டு, அதில் ஒரு பகுதியை எடுக்க அனுமதிக்கிறது. 30,000 ரூபாய் சம்பளக்காரர் 15-ஆம் தேதி வரை ஈட்டியது 15,000 ரூபாய் எனக் கொண்டு, பாதி வரம்பு வைத்தால் 7,500 ரூபாய் எடுக்கலாம். சம்பள நாளில் அது பிடித்துக்கொள்ளப்படும்.

இதற்கு வட்டி இல்லை, கட்டணம் மட்டுமே என்று விளம்பரங்கள் கூறுவதுண்டு. ஒரு முறைக்கு 50 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், 15 நாள்களுக்கு 7,500 ரூபாய் எடுப்பவருக்கு அது ஆண்டுக்குச் சுமார் 16 சதவீத வட்டிக்கு நிகர். அதே 50 ரூபாயைக் கொடுத்து 1,000 ரூபாய் மட்டும் எடுப்பவருக்கு அது சுமார் 122 சதவீதம். சிறு தொகையை அடிக்கடி எடுப்பவரே அதிகம் இழக்கிறார். நாள்தோறும் இரவில் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி வருவாயை எடுக்கும் விநியோகப் பணியாளருக்கும், 26 வேலை நாள்களில் அது 260 ரூபாயாகிறது.

கேரள சவாரி 2025-இல் சந்தா முறைக்கு மாறியது. இம்முறையில் ஓட்டுநர் செயலிக்குச் சந்தா செலுத்திவிட்டு, பயணக் கட்டணத்தைப் பயணியிடமிருந்து ரொக்கமாகவோ தன் யுபிஐ கணக்கிலோ நேரடியாகப் பெறுகிறார். நிறுவனத்தின் கையில் பணம் தங்குவதில்லை என்பதால், பட்டுவாடா என்ற கட்டமே அங்கு எழுவதில்லை.