மொட்டை மாடி மழை, கீழ்வீட்டுக் குளியலறையில்

மழை வலுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கீழ்வீட்டுக் குளியலறை மூலையில், ஃப்ளோர் டிராப்பின் சல்லடை மூடிக்கு அடியிலிருந்து 'களக் களக்' என்று சத்தம். முதலில் காற்றுக் குமிழி, அப்புறம் நுரையோடு கறுத்த தண்ணீர். வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்காது. சென்னையின் தாழ்வான தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

டிராப்பின் கிண்ணத்தில் சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும். அது நாற்றத்தைத்தான் தடுக்கும். கீழிருந்து ஏறிவரும் தண்ணீரைத் தடுக்காது.

சென்னையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. ஆனால் பல வீடுகளில் மொட்டை மாடியின் மழைக்குழாயைக் கழிவுநீர் சேம்பரிலேயே இறக்கியிருக்கிறார்கள். 1,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் தண்ணீர் சேரும். தெருவிலுள்ள பல வீடுகள் இப்படிச் செய்தால் பாதாளச் சாக்கடை நிரம்பி, மேன்ஹோலில் சாலை மட்டம்வரை தண்ணீர் ஏறிவிடும். அதே மட்டத்துக்கு வீட்டுக் குழாய்க்குள்ளும் ஏறும். அங்கே தாழ்ந்திருக்கும் வாய், கீழ்வீட்டுக் குளியலறைத் தரைதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திய சாலைகளால், ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் செய்யாத தவறுக்கு அவர்கள் வீட்டில் சாக்கடை ஏறுகிறது.

கோளாறு எங்கே என்று அறிய, வாசலோரச் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். டிராப் பொங்கும்போது சேம்பர் காலியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. சேம்பர் ததும்பி நின்றால் மழைக்குழாயைக் கழற்றி முற்றத்தில் விட்டுப் பார்க்கலாம். மட்டம் சட்டென்று இறங்கினால், வந்தது சொந்த மாடித் தண்ணீர். இறங்காவிட்டால் தெருச் சாக்கடை நிரம்பியிருக்கலாம். சேம்பரிலிருந்து தெருவுக்குப் போகும் குழாய் அடைத்தும் இருக்கலாம். தெரு மேன்ஹோலும் ததும்பினால் வீட்டுக்குள் குத்திப் பயனில்லை.

அவசரத்துக்குப் பலர் டிராப்பில் துணியைத் திணிக்கிறார்கள். அழுத்தம் குறையாததால் தண்ணீர் அடுத்துத் தாழ்ந்திருக்கும் கழிப்பறைக் கோப்பை வழியாக வரப் பார்க்கும்.

நிலையான வழி, மழைக்குழாயைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துவது. தெருத் தண்ணீர் திரும்பி வந்தால் அதன் மடல் மூடிக்கொள்ளும். ஆனால் வீடு முழுவதற்கும் பொதுவான குழாயில் அதைப் போட்டால், மூடியிருக்கும் நேரத்தில் மாடிக்காரர் குளிக்கும் தண்ணீர் வெளியே போக வழியின்றிக் கீழ்வீட்டிலேயே பொங்கும். ஆகவே கீழ்வீட்டுக் குழாயில் மட்டும் வால்வைப் போட்டு, மாடிக் குழாயை அதற்கு அப்பால் தெருப் பக்கமாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். வால்வு மூடியிருக்கும்வரை கீழ்வீட்டுக்காரரும் தண்ணீரைக் கொட்டக்கூடாது.

மடலில் ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் அது முழுதாக மூடாது. ஐப்பசி மழைக்கு முன்பே வால்வைத் திறந்து கழுவிவைப்பது நல்லது.