சாற்றைக் கலந்தது யார்?

வேப்ப விதைச் சாறு கொசுப்புழுக்களைக் கொல்லுமா என்று ஆராயும் ஒரு கட்டுரை, அச்சுக்குப் போகுமுன் பிரதி திருத்துபவரின் மேசைக்கு வருகிறது. அதன் செய்முறைப் பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“வீட்டுத் தொட்டிகளிலிருந்து சேகரித்து நான்காம் நிலையை எட்டிய ஏடிஸ் கொசுப்புழுக்கள், நான்கு கோப்பைகளில் 25 விடப்பட்டு, வேப்ப விதைச் சாறு கலந்து, ஊசியால் தொட்டபோது அசைவில்லாத கோப்பைகளில், 24 மணி நேரத்துக்குப் பிறகு இறந்தவையாகக் கொள்ளப்பட்டன.”

வேகமாகப் படித்தால் என்ன நடந்தது என்று ஓரளவு புரிந்துவிடும். அதுதான் ஆபத்து. எழுதியவருக்குச் சோதனை மனக்கண்ணில் ஓடுகிறது, அதனால் வாக்கியம் விட்ட இடத்தையெல்லாம் அவர் மனம் நிரப்பிக்கொள்கிறது. இதே சோதனையைத் தன் ஆய்வகத்தில் திரும்பச் செய்ய விரும்பும் வாசகருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு வாக்கியம் மட்டுமே கையிருப்பு.

இதைப் பழுதுபார்க்க, முதலில் கடைசி வினையைப் பிடிக்க வேண்டும். ‘கொள்ளப்பட்டன’ என்பதற்கு எழுவாய் கொசுப்புழுக்கள். இனி இடையில் நிற்கும் ஒவ்வொரு எச்சத்தையும் அடிக்கோடிட்டு, ‘யார்?’ என்று கேட்டுக்கொண்டே வரலாம். சேகரித்தது யார்? ஆய்வாளர். நான்காம் நிலையை எட்டியது? புழு. சாற்றைக் கலந்தது? ஆய்வாளர். ஆனால் வாக்கியத்தில் ஆய்வாளர் எங்குமே இல்லை. ஆகவே இலக்கணப்படி, தம்மைத் தாமே சேகரித்துக்கொண்டதும் தமக்கே நஞ்சைக் கலந்துகொண்டதும் புழுக்கள்தாம்.

‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம், தன் எழுவாய் செய்யும் வேறொரு வினையைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியல் வகுத்த விதி. நன்னூலும் அதையே சொல்கிறது. ஆய்வுக் கட்டுரையில் இந்த விதி அடிக்கடி உடைவதற்குக் காரணம், ‘நாங்கள்’ என்று எழுதக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் ‘பட்டது, பட்டன’ என்று முடிக்கும் வழக்கம். ஆங்கிலக் கட்டுரைகளிலும் இதே வழக்கத்தால் இதே கோளாறு நேர்கிறது. செய்தவர் வாக்கியத்தை விட்டு வெளியேறியதும், அவருடைய வினையெச்சங்கள் அருகில் நிற்கும் ஏதோ ஒரு பெயரைப் பற்றிக்கொள்கின்றன.

ஆனால் எழுவாய் மாறும் இடமெல்லாம் பிழை என்று சிவப்பு மையைத் தூக்கிவிடக் கூடாது. ‘குடல் வீங்கிப் புழு இறந்தது’ என்பதில் வீங்கியது குடல், இறந்தது புழு. எனினும் வாக்கியம் சரியானது. உறுப்பின் வினை, அந்த உறுப்பை உடைய முதலின் வினையோடு முடியலாம் என்று அதே தொல்காப்பியம் விலக்குத் தருகிறது. உயிரியல் எழுத்தில் இந்த விலக்கு அன்றாடம் தேவைப்படும். ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்பதும் அப்படித்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக நின்றால் இரண்டு எழுவாய்களைத் தமிழ் பொறுத்துக்கொள்ளும். ‘நுண்ணோக்கியைப் பயன்படுத்தி முட்டைகள் எண்ணப்பட்டன’ என்பதையும் நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். எண்ணியவரும் பயன்படுத்தியவரும் ஒருவரே என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் ‘சாற்றில் 24 மணி நேரம் ஊறவைத்து, புழுக்கள் இறந்தன’ என்பதை விட முடியாது. ஊறவைத்தவர் வேறு, இறந்தவை வேறு. ‘ஊறவைத்த பிறகு’ என்று மாற்றினால் போதும், கட்டு அவிழ்ந்துவிடும்.

அடுத்தது இடம் மாறிய தொடர்கள். தமிழில் பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் பெயரைத் தழுவும். ‘அசைவில்லாத கோப்பைகளில்’ என்று எழுதினால் அசையாதது கோப்பை. இது கண்ணில் பட்டுவிடும், சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். கண்ணில் படாதவைதான் தொல்லை. ‘இறந்த கொசுப்புழுக்களின் குடல் செல்கள்’ என்றால் இறந்தது புழுவா, செல்லா? இரண்டுமே உயிரியலில் நடக்கக்கூடியவை. செல்கள்தாம் என்றால் ‘கொசுப்புழுக்களின் இறந்த குடல் செல்கள்’ என்று அடையை அதன் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ‘மட்டும்’ என்ற சொல்லும் இப்படித்தான். ‘அடர்சாற்றில் மட்டும் புழுக்கள் இறந்தன’ என்றால் நீர்த்த சாற்றில் அவை பிழைத்தன என்று பொருள். ‘அடர்சாற்றில் புழுக்கள் மட்டும் இறந்தன’ என்றால் கூட்டுப்புழுக்கள் பிழைத்தன என்று பொருள். ஒரு சொல் ஓரிடம் நகர்ந்ததும் ஆய்வின் முடிவே வேறாகிவிட்டது.

நம் வாக்கியத்தில் ‘24 மணி நேரத்துக்குப் பிறகு’ என்பதும் தவறான இடத்தில் நிற்கிறது. சாறு கலந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு புழுக்களைத் தொட்டார்களா, தொட்டு 24 மணி நேரத்துக்குப் பிறகு இறந்தவை என்று முடிவு கட்டினார்களா? இந்த வகைச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியில் 24 மணி நேரம் என்பது புழு சாற்றில் இருக்கும் நேரம். நான்கு கோப்பைகளில் 25 என்பதும் குழப்பமே. தலா 25 என்றால் மொத்தம் 100 புழுக்கள். மொத்தமே 25 என்றால் கோப்பைக்கு ஆறேழுதான். அதே வழிகாட்டி ஒரு கோப்பைக்கு 25 என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அதைப் பார்த்துத் திருத்துபவராகவே ‘தலா’ என்று சேர்த்துவிடக் கூடாது. ஆய்வகத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்ப வேண்டும்.

தலா 25, சாறு கலந்த பிறகு 24 மணி நேரம், நான்காம் நிலை வரை வளர்த்தது ஆய்வகத்தில் என்று ஆசிரியர் பதில் எழுதினால், வாக்கியத்தை இப்படிப் பிரித்து அமைக்கலாம்:

“வீட்டுத் தொட்டிகளிலிருந்து ஏடிஸ் கொசுப்புழுக்களைச் சேகரித்து, நான்காம் நிலையை எட்டும் வரை ஆய்வகத்தில் வளர்த்தோம். நான்கு கோப்பைகளில் தலா 25 புழுக்களை விட்டு, வேப்ப விதைச் சாற்றைக் கலந்தோம். 24 மணி நேரம் கழித்து ஒவ்வொரு புழுவையும் ஊசியால் தொட்டுப் பார்த்தோம். அசையாத புழுக்களை இறந்தவையாகக் கணக்கிட்டோம்.”

சேகரித்தவர், வளர்த்தவர், விட்டவர், கலந்தவர் எல்லாம் ‘நாங்கள்’. வினையெச்சங்கள் தங்கள் எழுவாயோடு சேர்ந்துவிட்டன. ‘அசையாத’ என்பது புழுவுக்கு முன்னால் வந்துவிட்டது. சில இதழ்கள் தன்மை வினையை ஏற்பதில்லை. அங்கே ‘சேகரித்த புழுக்கள் நான்காம் நிலை வரை வளர்க்கப்பட்டன’ என்று வினையெச்சத்தைப் பெயரெச்சமாக்கினால் அதே பிழையைத் தவிர்க்கலாம்.

இப்படிப் பிரித்து வைத்ததும், முன்பு நெரிசலில் மறைந்திருந்த இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. ஊசி பட்டால் லேசாக அசைந்தும் நீரின் மேற்பரப்புக்கு எழ முடியாத புழுக்களை எதில் சேர்த்தார்கள்? வழிகாட்டி அவற்றையும் இறந்தவையோடு கூட்டச் சொல்கிறது. சாறு கலக்காத ஒப்பீட்டுக் கோப்பைகள் எங்கே? அவற்றில் இறப்பு 5 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் அபாட் சூத்திரத்தைக் கொண்டு கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. இவை இலக்கணப் பிழைகள் அல்ல, எந்தத் தொடரை நகர்த்தியும் தீராது. இந்த இரண்டு கேள்விகளோடும் பிரதி மறுபடி ஆசிரியருக்குப் போக வேண்டும்.