பதினோராவது பெட்டி ஏன் நேராக இருந்தது?

ஓசூர்ப் பக்கம் ஒரு சிறிய பிரஸ் ஷாப். வாடிக்கையாளரிடம் போன இருபது பெட்டிகள் ஒரு திங்கட்கிழமை காலை அப்படியே திரும்பி வந்து வாசலில் இறங்கின. பெட்டிக்கு இருநூறு வீதம் நாலாயிரம் பிராக்கெட்டுகள். அவை 2 மி.மீ. தகட்டில் அடித்த, 140 மி.மீ. நீளமுள்ள தட்டையான துண்டுகள். வெல்டிங் ஃபிக்ஸ்சரில் வைத்தால் படியவில்லை, நடுவில் இடைவெளி விடுகிறது என்பது புகார். ஒரு துண்டை எடுத்து சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து விரலால் ஒரு முனையைத் தட்டிப் பார்த்தேன். தொட்டில்போல ஆடியது. அடியில் ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.8 மி.மீ. இலை தாராளமாகப் போனது. வரைபடம் அனுமதிப்பதோ 0.3.

இப்படி ஒரு லாட் திரும்பி வந்தால் எந்தத் தொழிற்சாலையிலும் முதலில் நடப்பது, பெட்டிகளை எல்லாம் ஒரு பெரிய மேசையில் கொட்டி நல்லது கெட்டது பிரிப்பதுதான். இங்கேயும் இரண்டு பேர் முதல் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். தரப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஓடி வந்து தடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் வரிசை எண்ணும் அடித்த நேரமும் எழுதிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டினால் அந்த வரிசை போய்விடும். வரிசை போனால், எப்போது வளையத் தொடங்கியது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அவர் பெட்டிகளை எண்படி அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் பத்துத் துண்டு எடுத்து அளந்தார். ஒன்று முதல் ஆறுவரை எல்லாம் சரி. ஏழில் வளைவு தொடங்கி, பத்துக்குள் 0.8ஐத் தொட்டது. பதினொன்றில் திரும்பவும் நேர். பதினாறுவரை நேர். பதினேழிலிருந்து இருபதுவரை மறுபடியும் வளைவு. வளைந்த துண்டுகள் எல்லாமே ஒரே பக்கம், நீளவாக்கில் மட்டும் வளைந்திருந்தன. அகலவாக்கில் ஸ்கேலை வைத்தால் ஒளிகூடப் புகவில்லை.

அன்று மதியம் ஆறு பேர் வெள்ளைப் பலகை முன்னால் கூடினார்கள். ஜப்பானிய தர அறிஞர் காவொரு இஷிகாவா பரவலாக்கிய மீன் முள் படத்தை வரைந்தார்கள். தலையில் பிரச்சினையை எழுத வேண்டும், முதுகெலும்பிலிருந்து கிளம்பும் பெரிய முட்களில் காரணங்களின் குடும்பங்களை எழுத வேண்டும்: ஆள், மெஷின், மெட்டீரியல், முறை, அளவீடு, சூழல். தலையில் முதலில் ‘பிராக்கெட் வளைவு’ என்று எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் அதை அழித்துவிட்டு, ‘நீளவாக்கில் 0.8 மி.மீ. வரை வளைவு, பெட்டி 7–10, 17–20 மட்டும்’ என்று எழுதினார். எல்லா வேலையையும் செய்தது அந்த இரண்டாவது வரிதான். மொட்டையாக ‘வளைவு’ என்று எழுதியிருந்தால் அறுபது காரணம் தேறியிருக்கும்.

முட்கள் நிறைந்தன. ஸ்ட்ரிப்பர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்றார் டை செட்டர். தகடு கடினமாக வந்திருக்கும் என்றது உற்பத்திப் பிரிவு. சூட்டிலிருந்து பெட்டிக்குள் உயரத்திலிருந்து விழுந்து வளைந்திருக்கும் என்றார் ஒருவர். துளையிட்ட சில்லு டை மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், நைட் ஷிப்டில் புதுப்பையன், பஞ்ச் முனை மழுங்கல் என்று போயிற்று பட்டியல்.

மீன் முள் படம் தருவது சந்தேகங்களின் பட்டியல் மட்டும். பல இடங்களில் இதன் பிறகு கை தூக்கி ஓட்டெடுப்பு நடக்கும், அதிக ஓட்டு வாங்கிய முள்ளில் சிவப்பு வட்டம் விழும். தகடு யாருடைய ஓட்டுக்கும் வளைவதில்லை. இங்கே ஒவ்வொரு முள்ளிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: நீதான் காரணம் என்றால், பதினோராவது பெட்டி ஏன் நேராக இருக்கிறது?

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வெட்டும்போது தகடு சரியான பிடிமானமில்லாமல் சாசர்போல இரு திசையிலும் குழியும், தளர்ந்த ஸ்பிரிங் பதினோராவது பெட்டிக்காகத் தானே இறுகாது. சில்லு ஏறியிருந்தால் ஒரே இடத்தில் பள்ளம் பதிந்திருக்கும். விழுந்து வளைந்திருந்தால் ஆளுக்கொரு திசையில் வளைந்திருக்கும், எல்லாப் பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பஞ்ச் மழுங்கினால் ஓரத்தில் பிசிர் கூடும். அதை அளந்தார்கள், முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் வித்தியாசமில்லை. நைட் ஷிப்ட் பையன் முழு லாட்டையும் அடித்தவன், நேராக வந்ததும் அவன் கையில்தான்.

தப்பியது ஒரு முள்தான். தகடு இந்தப் பிரஸ்ஸுக்குக் காயிலாக, அதாவது நாடா சுற்றிய சுருளாக வருகிறது. ஒரு காயிலில் சுமார் 290 மீட்டர் தகடு, ஏறக்குறைய இரண்டாயிரம் துண்டு. பத்துப் பெட்டியில் ஒரு காயில் முடிந்து, பதினொன்றில் புதுக் காயில் ஏறியிருக்கிறது. இரண்டு காயிலும் முடியும் தறுவாயில்தான் வளைவு.

காயிலின் வெளிச்சுற்று ஒரு மீட்டர் விட்டம், உள்சுற்று ஏறக்குறைய அரை மீட்டர். உள்ளே போகப் போகத் தகடு இறுக்கமாக வளைந்து கிடக்கிறது. 2 மி.மீ. தகடு ஒரு மீட்டர் வட்டத்தில் சுற்றிக் கிடந்தால் அதன் மேல்தோல் 0.2 சதவீதம் நீள்கிறது, அரை மீட்டர் வட்டத்தில் அது 0.4 சதவீதம் ஆகிறது. சாதாரண மென் எஃகு 0.1 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஆகவே காயில் முழுவதுமே வளைந்த நினைவோடுதான் வருகிறது, உள்சுற்றுக்கு அந்த நினைவு அதிகம்.

இதைப் போக்கத்தான் பிரஸ்ஸுக்கு முன்னால் ஸ்ட்ரெயிட்னர் இருக்கிறது. கீழே நாலு ரோலர், அவற்றின் இடைவெளிகளில் மேலே மூன்று. மேல் ரோலர்கள் தகட்டை அலையலையாக அழுத்தி, முன்னும் பின்னும் வளைத்து, வெளியே வரும்போது நேராக்கிவிடும். நுழைவாயில் ரோலர் ஆழமாக இறங்கியிருக்கும், கடைசி ரோலர் தொட்டும் தொடாமலும் இருக்கும். எவ்வளவு இறக்குவது என்பதைப் புதுக் காயிலை ஏற்றும்போது, அதாவது வெளிச்சுற்றை வைத்துத்தான் செட் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் அது இன்னும் யூகம்தான். பாதி தீர்ந்த ஒரு காயிலை ஏற்றி, உள்சுற்று வந்ததும் பழைய செட்டிங்கில் பத்துத் துண்டு அடித்தார்கள். பத்தும் வளைந்தன. நுழைவாயில் ரோலரை அரை மி.மீ. இறக்கியதும் பத்தும் நேராயின. திரும்ப ஏற்றினால் மறுபடி வளைந்தன. ஆர்வக்கோளாறில் இன்னும் ஆழமாக இறக்கிப் பார்த்தபோது தகடு எதிர்ப்பக்கம் வளைந்தது. சுவிட்ச் போட்டு அணைப்பதுபோல ஒரு குறையை வரவழைக்கவும் போக்கவும் முடிந்தால், அந்தக் காரணத்தைப் பிடித்த பிடியில் நம்பலாம்.

இனிமேல்தான் ‘ஏன்’ வேலை. நம் தொழிற்சாலைகளில் இதை ‘ஒய்-ஒய்’ என்பார்கள். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ 1978இல் வெளியான தன் புத்தகத்தில் நின்றுபோன ஒரு மெஷினை வைத்து இதை விளக்குகிறார். ஃபியூஸ் போனது என்று மாற்றிவிட்டுப் போகாமல் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், எண்ணெய்ப் பம்புக்கு வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் புகுந்தது என்ற இடத்தில் போய் முட்டும்.

பிராக்கெட்டுக்கு முதல் நாள் எழுதிய ஒய்-ஒய் தாள் மூன்றே வரியில் முடிந்திருந்தது. ஏன் வளைந்தது? தகடு வளைந்தபடியே டைக்குள் போனது. ஏன்? உள்சுற்றுக்கு ரோலரை இறக்கவில்லை. ஏன்? ஆபரேட்டர் கவனிக்கவில்லை. தீர்வு: ஆபரேட்டருக்குப் பயிற்சி. இப்படி முடியும் தாள்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ‘கவனிக்கவில்லை’ என்பது வந்தால், எதைக் கவனிக்கச் சொல்லியிருந்தோம் என்பது அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

செட்டப் கார்டை எடுத்து வந்தார்கள். ரோலர் அளவுக்கு ஒரே கட்டம்தான், ‘ஆரம்பம்’ என்று. காயில் நடுவில் மாற்றச் சொல்லி எங்கும் இல்லை. ஏன் இல்லை? ஆறு வருடமாக இதே கார்டு, இதே பார்ட், ஒரு புகாரும் கிடையாது. அப்படியானால் உள்சுற்று இத்தனை வருடம் எங்கே போனது? அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஸ்டோர்காரரைக் கூப்பிட்டார்கள்.

“அது இங்க ஓடாதே சார். காயில் ஒரு முக்கால்வாசி வந்ததும் இறக்கி, எல்-கிளாம்ப் அடிக்கிற பிரஸ்ஸுக்குக் குடுத்துடுவோம். அந்த ஆர்டர் நின்னு போச்சுல்ல? தகடு ரேக்குல தேங்குதேன்னு, இந்த மாசத்துலேர்ந்து முழுசா இங்கயே ஓட்டச் சொல்லிட்டாங்க.”

எல்-கிளாம்ப் டையில் எப்படியும் தொண்ணூறு டிகிரி மடக்கப்படும் பார்ட். தகடு லேசாக வளைந்திருந்தால் அதற்கு ஒன்றுமில்லை. பழைய வழக்கம், யாரும் எழுதி வைக்காமலே, பிராக்கெட்டை உள்சுற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. வழக்கம் மாறியபோது அதை ஒரு மாற்றமாக யாரும் உற்பத்திப் பிரிவிடம் சொல்லவில்லை. டை மாறினால், மெட்டீரியல் மாறினால் தெரிவிக்கப் படிவம் உண்டு. அதே தகடு, அதே அகலம் என்பதால் ஸ்டோர் உத்தரவுக்கு அந்தப் படிவம் தேவை என்று எவருக்கும் தோன்றவில்லை.

சங்கிலி சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி, கீழிருந்து மேலே ‘ஆகவே’ போட்டு வாசிப்பது. ஸ்டோர் மாற்றம் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே உள்சுற்று இந்தப் பிரஸ்ஸுக்கு வந்தது கார்டில் ஏறவில்லை. ஆகவே ரோலர் இறக்கப்படவில்லை. ஆகவே தகடு வளைந்து டைக்குள் போனது. தடுக்கி விழாமல் படிக்க முடிகிறது. ஐந்து என்ற எண்ணுக்கு மந்திர சக்தி ஏதுமில்லை. நாமே மாற்றக்கூடிய ஓர் ஏற்பாட்டில் போய் முட்டும்வரை கேட்க வேண்டும், அது நாலிலும் வரலாம், ஏழிலும் வரலாம்.

ஒய்-ஒய்யின் பலவீனமும் இந்த மேசையில் தெரிந்தது. அது ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு போகும். வளைந்தது ஏன் என்று கேட்டால், வளைந்தது நம் வாசலைத் தாண்டியது ஏன் என்ற நூல் விடுபட்டுப்போகும். அதற்குத் தனியாக ஒரு சங்கிலி போட்டார்கள். மணிக்கொரு முறை இரண்டு துண்டு எடுத்துச் சோதித்தது உண்மைதான், துளை கேஜில் மட்டும். தட்டைத்தன்மையைச் செட்டப்பின் முதல் துண்டில் பார்த்தால் போதும் என்றது கண்ட்ரோல் பிளான். ஏன்? தட்டையாக வருவது டையின் குணம், டை ஒரே நாளில் மாறாது என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். பாதி உண்மை. மீதிப் பாதி காயிலில் இருந்தது.

செய்த மாற்றங்கள் சின்னவை. கார்டில் வெளி, நடு, உள் என்று மூன்று கட்டம். காயிலைத் தாங்கும் டீகாயிலரின் பக்கத்தட்டில், உள்வட்டத்திலிருந்து 12 செ.மீ. உயரத்தில் சிவப்புக் கோடு. சுருள் அந்தக் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, ரோலரை மாற்றி, ஒரு துண்டை மேசையில் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டைத்தன்மை மணிக்கொரு சோதனையில் சேர்ந்தது. ஸ்டோர் எந்தக் காயிலையும் வழக்கத்துக்கு மாறாக எந்தப் பிரஸ்ஸுக்கு அனுப்பினாலும் மாற்றப் படிவம் போட வேண்டும்.

படிவத்தை விளக்க இன்ஸ்பெக்டர் ஸ்டோருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ரேக்கின் கீழ்த்தட்டில் இன்னும் இரண்டு அரைக் காயில்கள் கிடந்தன. 1.6 மி.மீ. தகடு. “இது எதுக்கு?” என்று கேட்டார். மறுநாள் காலை ஷிப்டில் ஏற்றுவதற்காம், வேறொரு தட்டையான பார்ட்டுக்கு.