அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டதா?

பொங்கோல் வீவக வீட்டுக்குக் குடிவந்தபோது புதுப்பிப்புக் குத்தகையாளர் அனுப்பிய படங்கள் இன்னும் உங்கள் ஜிமெயிலில் கிடக்கின்றனவா?

தேடல் பெட்டியில் larger:10M older_than:3y என்று தட்டுங்கள். 3 ஆண்டுக்கு முந்தைய, 10 எம்பிக்கு மேற்பட்ட அஞ்சல்கள் வந்து நிற்கும். அவசரப்பட்டு அழிக்காதீர்கள். படம் வந்த அதே உரையாடல் தொடரில்தான் பிற்பாடு குளியலறைக் கசிவுக்கான உத்தரவாதக் கடிதமும் வந்திருக்கும். தொடரை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் அதைக் கணினியில் இறக்கி, திறக்கிறதா என்று பாருங்கள். கூகல் டிரைவில் போட்டால் பயனில்லை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இரண்டுக்கும் பொது.

அழித்த உடனே இடம் கிடைக்காது. குப்பைத்தொட்டியையும் காலி செய்யவேண்டும். இல்லையென்றால் 30 நாள் அங்கேயே கிடக்கும்.